யூரோ ரசீதும் ரூபாய்க் கணக்கும்: டூர் பில்லில் எந்த ரேட்டைப் போடுவது?

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் தோல், ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்களுக்கு மிலான் புதிய ஊர் இல்லை. அங்கே நடக்கும் லினியாபெல்லே தோல் கண்காட்சிக்கு மெர்ச்சண்டைசரோ டிசைனரோ போய்வருவது வழக்கம். திரும்பி வந்ததும் ஒரு கவர் நிறைய யூரோ ரசீதுகளை அக்கவுண்ட்ஸ் மேஜையில் வைப்பார்கள். அங்கிருந்து வரும் முதல் கேள்வி "எவ்வளவு செலவு?" என்பதாக இருக்காது. "ரேட் எங்கிருந்து எடுத்தீங்க?" என்பதாகத்தான் இருக்கும்.

கேள்வி சரியானதுதான். ஒரு நாளில் ஒரு யூரோவுக்கு ஒரே ஒரு விலை கிடையாது. மொபைலில் தேடினால் வருவது ஒன்று. ரிசர்வ் வங்கி ஏற்கும் ரெஃபரன்ஸ் ரேட் ஒன்று. நோட்டாக வாங்கப் போனால் பணமாற்று கவுண்டரில் சொல்வது இன்னொன்று. கார்டு தேய்த்தால் ஸ்டேட்மெண்ட்டில் விழுவது வேறொன்று. இவற்றுக்குள் நூற்றுக்கு மூன்று நான்கு ரூபாய் வித்தியாசம் சாதாரணமாக வரும். ஆகவே ரூபாய்த் தொகையை மட்டும் எழுதினால் போதாது. எந்த ரேட், யாருடைய ரேட், எந்தத் தேதி ரேட் என்ற மூன்றையும் அதன் பக்கத்திலேயே எழுதினால்தான் அந்தத் தொகையை இன்னொருவர் சரிபார்க்க முடியும்.

ரேட்டை முடிவு செய்ய வழக்கத்தில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, ஒரே ரேட் முறை. பயணம் முழுவதற்கும், அல்லது ஒவ்வொரு ரசீதின் தேதிக்கும், கம்பெனி சொல்லும் ஒரு பொது ரேட்டால் பெருக்குவது. இன்னொன்று, அசல் செலவு முறை. அந்த யூரோவுக்காக நம் பக்கத்திலிருந்து உண்மையில் எத்தனை ரூபாய் போனதோ அதையே எழுதுவது. எதைக் கையாள்வது என்பதைக் கம்பெனியின் பயண விதி சொல்லியிருக்கும். சொல்லாவிட்டால் டிக்கெட் போடும்போதே கேட்டுவிட வேண்டும். திரும்பி வந்தபின் கேட்டால் எந்த முறையில் குறைவாக வருகிறதோ அதுதான் விதி என்று ஆகிவிடும்!

முதல் முறைக்கு நம்பகமான மூலம் எஃப்.பி.ஐ.எல். எனப்படும் ஃபைனான்சியல் பெஞ்ச்மார்க்ஸ் இந்தியா வெளியிடும் ரெஃபரன்ஸ் ரேட். முன்பு ரிசர்வ் வங்கியே இதை வெளியிட்டு வந்தது. 2018 ஜூலையில் இருந்து இந்த நிறுவனம் வெளியிடுகிறது. டாலர், யூரோ, பவுண்டு, யென் ஆகியவற்றுக்கு வேலை நாட்களில் மதியம் ஒன்றரை மணி வாக்கில் வரும். சனி, ஞாயிறு, வங்கி விடுமுறை நாட்களில் வராது. கண்காட்சிப் பயணத்தில் சனிக்கிழமை ரசீது இல்லாமல் இருக்காது. அப்போது முந்தைய வேலை நாளான வெள்ளிக்கிழமை ரேட்டை எடுத்து, "சனிக்கு ரேட் இல்லை, வெள்ளி ரேட்" என்று குறிப்பெழுத வேண்டும். திங்கள் ரேட் சாதகமாக இருக்கிறதே என்று அதற்குத் தாவக் கூடாது. ஒரு ரசீதுக்கு முந்தைய நாள், இன்னொன்றுக்கு அடுத்த நாள் என்று மாற்றி மாற்றிப் போட்டிருந்தால் ஆடிட்டர் முதல் பக்கத்திலேயே பிடித்துவிடுவார்.

இரண்டாவது முறையில் பணம் எந்த வழியாகப் போனது என்பதுதான் ரேட்டை முடிவு செய்யும். நான்கு நாள் மிலான் பயணம் ஒன்றை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கீழே வரும் ரேட்டுகளும் விலைகளும் கணக்கைக் காட்டுவதற்காக வைத்தவை. உங்கள் பயணத்துக்கு உங்கள் பில்லில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

புறப்படும் முன் அங்கீகரிக்கப்பட்ட பணமாற்று நிறுவனத்தில் 400 யூரோ நோட்டாக வாங்கினார்கள். பில்லில் ஒரு யூரோ ரூ.100.40. அது அவர்களுக்கு விற்கும் ரேட், நமக்கு வாங்கும் ரேட். போர்டில் இரண்டு பத்திகள் இருக்கும், எப்போதும் அதிகமாக இருப்பதுதான் நாம் கொடுக்க வேண்டியது. 400 யூரோவுக்கு ரூ.40,160. இதன் மேல் ஜி.எஸ்.டி. உண்டு. ஒரு லட்சம் ரூபாய் வரையிலான பணமாற்றத்துக்கு வழக்கமாகத் தொகையில் 1 சதவீதத்தைச் சேவையின் மதிப்பாக எடுத்து, அதற்கு 18 சதவீதம் வரி போடுவார்கள். 1 சதவீதம் ரூ.401.60, அதற்கு வரி ரூ.72.29. ஆக மொத்தம் ரூ.40,232.29 போயிற்று. இந்த வரியை ரேட்டுக்குள் கலக்காமல் தனி வரியாக எழுதுவதே நல்லது. ரேட் 100.40 என்று இருந்தால் பில்லைப் பார்த்த மாத்திரத்தில் பொருந்தும். வரியையும் கலந்து 100.58 என்று எழுதினால் அந்த எண் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

ஒரே பயணத்துக்கு இரண்டு தடவை நோட்டு வாங்கியிருந்தால் சராசரி எடுக்க வேண்டும். அதுவும் இரண்டு ரேட்டையும் கூட்டி இரண்டால் வகுப்பது சராசரி ஆகாது. 400 யூரோ 100.40-க்கும், கடைசி நேரத்தில் விமான நிலையத்தில் 100 யூரோ 102.00-க்கும் வாங்கினால், மொத்த ரூபாய் 50,360-ஐ மொத்த யூரோ 500-ஆல் வகுக்க வேண்டும். வருவது 100.72. எளிதாகக் கூட்டி வகுத்திருந்தால் 101.20 என்று ஏறியிருக்கும். நம் உதாரணத்தில் ஒரு தடவைதான் வாங்கினார்கள், எனவே 100.40 போதும்.

மிலானில் நோட்டாகச் செலவானது இவ்வளவு: விமான நிலைய ரயில் போக வர 26.00, மெட்ரோ நாள் டிக்கெட் மூன்று 22.80, சாப்பாட்டு ரசீதுகள் ஐந்து சேர்த்து 118.00, ஹோட்டல் கவுண்டரில் தனியாக வாங்கும் நகர வரி 15.00, தோல் சாம்பிள் துண்டுகள் 40.00. மொத்தம் 221.80 யூரோ. எல்லாவற்றுக்கும் ஒரே ரேட் என்பதால் முதலில் யூரோவைக் கூட்டிவிட்டு, கடைசியில் ஒரே தடவை பெருக்கலாம். 221.80 × 100.40 = ரூ.22,268.72. ஒவ்வொரு ரசீதையும் தனித்தனியாகப் பெருக்கிப் பைசாவைச் சரிக்கட்டினால் கூட்டுத்தொகையில் சில பைசா முன்பின் ஆகும். அதைத் தேடிக்கொண்டு ஒரு மதியம் போய்விடும்.

இத்தாலிய ரசீதைப் படிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. அங்கே தசமத்துக்குக் கமாவும், ஆயிரத்துக்குப் புள்ளியும் போடுவார்கள். 18,50 என்றால் பதினெட்டரை யூரோ. 1.250,00 என்றால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது. அப்படியே எக்செல்லில் அடித்தால் 18,50 என்பது 1850 ஆகலாம், அல்லது வெறும் எழுத்தாக நின்று கூட்டலில் சேராமல் போகலாம். ரசீதின் கீழே ஐவிஏ என்று ஒரு தொகை தனியாகக் காட்டியிருக்கும். அது அவர்கள் ஊர் வாட் வரி, மேலே உள்ள மொத்தத்தில் ஏற்கனவே சேர்ந்தது. அதை மறுபடி கூட்டுவதும் தவறு, கழிப்பதும் தவறு. நாம் கொடுத்த மொத்தத்தைத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்து ஹோட்டல். மூன்று இரவுக்கு 480.00 யூரோ, கிரெடிட் கார்டில் கட்டினார்கள். இங்கே நோட்டு வாங்கிய 100.40-க்கு வேலையே இல்லை, அந்தப் பணம் அந்த வழியில் போகவில்லை. ஸ்டேட்மெண்ட்டில் கார்டு நெட்வொர்க்கின் ரேட்டான 99.20-ல் ரூ.47,616.00 என்று விழுந்திருக்கிறது. அதன் கீழே வெளிநாட்டுச் செலவுக்கான மார்க்அப் 3.5 சதவீதம், ரூ.1,666.56. அந்த மார்க்அப்புக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ.299.98. மூன்றும் சேர்ந்து ரூ.49,582.54. இதுதான் ஹோட்டலின் அசல் செலவு. மார்க்அப்பும் வரியும் பல வங்கிகளின் ஸ்டேட்மெண்ட்டில் தனித்தனி வரியாக, சில சமயம் இரண்டு நாள் தள்ளிக்கூட வரும். முதல் வரியை மட்டும் பார்த்து 47,616 என்று எழுதிவிட்டு மீதி கிட்டத்தட்ட இரண்டாயிரத்தைக் கைப்பணமாக விடுபவர்கள் நிறையப் பேர்.

ரேட் பத்தியில் என்ன எழுதுவது? 49,582.54-ஐ 480-ஆல் வகுத்தால் 103.297 வரும். இது காட்டுவதற்கு மட்டும். இதை 103.30 என்று சுருக்கி மறுபடி 480-ஆல் பெருக்கினால் ரூ.49,584.00 வரும், ரூ.1.46 கூடுதல். கார்டுச் செலவில் எப்போதும் ஸ்டேட்மெண்ட்டின் ரூபாய்தான் மூலம், ரேட் அதிலிருந்து பிறந்தது. திருப்பிப் போடக் கூடாது.

கார்டில் இன்னும் இரண்டு இடங்களில் தவறும். செக்-இன் செய்யும்போது ஹோட்டல்காரர் ஒரு தொகையைப் பிடித்துவைப்பார். அது மெசேஜில் செலவு போலவே தெரியும். பிறகு அது விடுபட்டு, கிளம்பும் நாளில் உண்மையான தொகை விழும். மெசேஜை வைத்து பில் எழுதினால் ஒரே ஹோட்டலை இரண்டு தடவை எழுத நேரும். ஸ்டேட்மெண்ட் வந்தபின் எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை. இன்னொன்று, கார்டு மெஷின் "ரூபாயிலா, யூரோவிலா?" என்று கேட்கும் இடம். ரூபாய் என்று பார்த்ததும் நம் பணம்தானே என்று அழுத்தத் தோன்றும். ஆனால் அப்படி அழுத்தினால் ரேட்டை முடிவு செய்வது அந்தக் கடைக்காரரின் பக்கம், அது பெரும்பாலும் நமக்குப் பாதகமாகத்தான் இருக்கும். சில வங்கிகள் அதற்கும் தனிக் கட்டணம் பிடிக்கும். யூரோவையே தேர்ந்தெடுக்க வேண்டும். தெரியாமல் ரூபாயை அழுத்திவிட்டால் ரசீதிலேயே ரூபாய்த் தொகை இருக்கும். அதையும் யூரோ என்று நினைத்துப் பெருக்கிவிடாமல் இருந்தால் சரி.

ஃபோரெக்ஸ் கார்டு வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு நோட்டைப் போலத்தான். கார்டில் யூரோவை ஏற்றிய நாளின் ரேட்டே செலவின் ரேட், செலவழித்த நாளின் ரேட் அல்ல. டாலரை ஏற்றிக்கொண்டு போய் மிலானில் யூரோவாகச் செலவழித்தால் மட்டும் நடுவில் இன்னொரு மாற்றமும் அதற்கான கட்டணமும் நுழையும். அப்போது கார்டிலிருந்து கழிந்த டாலர் எவ்வளவு என்று பார்த்து, அதை ஏற்றிய நாளின் டாலர் ரேட்டால் பெருக்க வேண்டும்.

இனி கையில் மீந்த நோட்டு. 400-ல் 221.80 போக 178.20 யூரோ மீதி. அதில் 175 நோட்டு, 3.20 சில்லறைக் காசு. காசை இங்கே எந்தக் கவுண்டரிலும் மாற்ற முடியாது. 175 யூரோவைத் திருப்பி விற்றபோது ரேட் 95.50, ஏனென்றால் இப்போது நாம் விற்கிறோம், போர்டின் குறைவான பத்தி நமக்கு. கிடைத்தது ரூ.16,712.50. இதற்கும் ஜி.எஸ்.டி. உண்டு. 1 சதவீதம் ரூ.167 தான் வருகிறது, ஆனால் குறைந்தபட்ச மதிப்பு ரூ.250 என்று விதி இருப்பதால் வரி ரூ.45. கைக்கு வந்தது ரூ.16,667.50. வாங்கிய விலையில் 175 யூரோவின் மதிப்பு ரூ.17,570. ஆக மாற்று நஷ்டம் ரூ.857.50. இதைச் சாப்பாட்டுச் செலவில் நுழைக்காமல் "நோட்டு திருப்பி விற்றதில் நஷ்டம்" என்று வெளிப்படையாக எழுத வேண்டும். கம்பெனி வேலைக்காக வாங்கிய நோட்டு என்பதால் அது கம்பெனிச் செலவே. அவ்வளவு நோட்டு எதற்கு வாங்கினாய் என்று கேட்கலாம், அது வேறு விஷயம். மீந்த வெளிநாட்டு நோட்டைத் திருப்பிக் கொடுக்க ஊர் திரும்பியதிலிருந்து 180 நாள் அவகாசம் உண்டு. 2,000 டாலர் மதிப்பு வரை கையிலேயே வைத்துக்கொள்ளவும் அனுமதி இருக்கிறது. ஆனால் நோட்டு கம்பெனியுடையது என்றால் அதைக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் கணக்கை முடிக்க வேண்டும்.

இப்போது கணக்கு பிழையில்லாமல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி. நோட்டுக்காகப் போன ரூபாயிலிருந்து திரும்பி வந்த ரூபாயைக் கழியுங்கள்: 40,232.29 − 16,667.50 = 23,564.79. மறுபக்கம் நோட்டு சம்பந்தமாக எழுதிய வரிகளைக் கூட்டுங்கள். ரசீதுச் செலவு 22,268.72, வாங்கியபோது வரி 72.29, விற்றதில் நஷ்டம் 857.50, விற்றபோது வரி 45.00, கையில் நின்ற காசு 3.20 யூரோ × 100.40 = 321.28. கூட்டினால் அதே 23,564.79. இரண்டும் பைசா சுத்தமாகப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ஒரு ரசீது தொலைந்திருக்கிறது, அல்லது ஒன்றை இரண்டு தடவை எழுதியிருக்கிறோம், அல்லது கார்டில் கட்டியதை நோட்டுப் பட்டியலில் சேர்த்திருக்கிறோம். பெரும்பாலும் மூன்றாவதுதான்.

சில்லறைக் காசு பயணம் போனவரிடமே இருப்பதால் ரூ.321.28-ஐ அவர் ஏற்றுக்கொள்கிறார். நோட்டுக் கணக்கு ரூ.23,243.51, ஹோட்டல் ரூ.49,582.54. டூர் பில்லின் மொத்தம் ரூ.72,826.05.

இதே பயணத்தை ஒரே ரேட் முறையில் போட்டால் என்ன ஆகும்? ரெஃபரன்ஸ் ரேட் 99.50 என்று வைத்துக்கொள்வோம். செலவான யூரோ 221.80 + 480.00 = 701.80. பெருக்கினால் ரூ.69,829.10. வித்தியாசம் ரூ.2,996.95. கிட்டத்தட்ட மூவாயிரம் ரூபாய். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ரெஃபரன்ஸ் ரேட் என்பது வங்கிகள் தங்களுக்குள் பெரிய தொகைக்குப் பேசும் விலையை ஒட்டியது. அந்த விலைக்கு நமக்கு யாரும் யூரோ தர மாட்டார்கள். எனவே ஒரே ரேட் முறையை வைத்திருக்கும் கம்பெனி, கார்டு மார்க்அப்பையும் பணமாற்றுச் செலவையும் தனியாகக் கொடுப்பதாகவும் சேர்த்து எழுதியிருந்தால்தான் நியாயம். இல்லாவிட்டால் போய்வந்தவரின் பாக்கெட்டிலிருந்து அது போகும். விதியைப் படிக்கும்போது இந்த ஒரு வரி இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

ரெஃபரன்ஸ் ரேட் பட்டியலில் இல்லாத நாணயம் வந்தால் டாலர் வழியாகப் போக வேண்டும். மிலானிலிருந்து ஒரு நாள் சுவிட்சர்லாந்து எல்லையைத் தாண்டிப் போய்வந்தால் பிராங்க் ரசீது ஒன்று வரும். ஒரு டாலர் 85.00 ரூபாய், ஒரு டாலருக்கு 0.80 பிராங்க் என்று இருந்தால், 85.00-ஐ 0.80-ஆல் வகுக்க வேண்டும். ஒரு பிராங்க் ரூ.106.25. அவசரத்தில் வகுப்பதற்குப் பதில் பெருக்கினால் ரூ.68 வரும். ஒரு டாலருக்கு ஒரு முழு பிராங்க்கூடக் கிடைக்கவில்லை என்றால் பிராங்க் டாலரைவிட விலை கூடியது, 85-ஐவிட அதிகமாகத்தான் வர வேண்டும் என்று ஒரு நொடி யோசித்தால் தவறு தெரிந்துவிடும். யென்னுக்கு இன்னொரு எச்சரிக்கை. பட்டியலில் அது 100 யென்னுக்கான விலை. 58.00 என்று இருந்தால் ஒரு யென் 58 பைசா. 2,500 யென் சாப்பாடு ரூ.1,450. நூறால் வகுக்க மறந்தால் ஒரு வேளைச் சாப்பாடு ஒன்றரை லட்சத்தை நெருங்கும்.

எக்செல்லில் தேதி, விவரம், நாணயம், தொகை, ரேட், ரூபாய் என்று ஆறு பத்திகள் போதும். நாணயப் பத்தியில் வெறும் யூரோ என்று எழுதாமல், பணம் போன வழியையும் சேர்த்து எழுதினால் நோட்டையும் கார்டையும் தனித்தனியாகக் கூட்ட முடியும்:

```
F2:   =ROUND(D2*E2,2)
F42:  =SUMIF(C2:C40,"EUR-CASH",D2:D40)
F43:  =SUM(F2:F40)
```

முதல் சூத்திரம் ஒவ்வொரு வரியின் ரூபாயைத் தரும். இரண்டாவது நோட்டாகப் போன யூரோவின் கூட்டுத்தொகை, நம் உதாரணத்தில் 221.80 வர வேண்டியது. கார்டு வரிகளில் மட்டும் F பத்தியில் சூத்திரத்தை அழித்துவிட்டு ஸ்டேட்மெண்ட்டின் ரூபாயை நேராக அடிக்க வேண்டும். நோட்டு வரிகளை ஒவ்வொன்றாகப் பெருக்குவதால் இங்கே ஓரிரு பைசா முன்பின் ஆகலாம். அப்படியானால் மொத்த யூரோவை ஒரே தடவை பெருக்கி வந்த தொகையை வைத்துக்கொண்டு, வித்தியாசத்தைக் கடைசி வரியில் சரிசெய்துவிடலாம்.

பட்டியலின் அடியில் எழுத வேண்டிய குறிப்பு நீளமாக இருக்கத் தேவையில்லை. "நோட்டுச் செலவு: 1 யூரோ = ரூ.100.40, பணமாற்று பில் எண், தேதி இணைப்பு 1. ஹோட்டல்: கார்டு ஸ்டேட்மெண்ட்டின்படி ரூபாய், மார்க்அப், ஜி.எஸ்.டி. உட்பட, இணைப்பு 2. மீந்த 175 யூரோ ரூ.95.50-க்கு விற்றது, இணைப்பு 3." இவ்வளவு இருந்தால் அக்கவுண்ட்ஸில் உள்ளவர் உங்களைக் கூப்பிடாமலே சரிபார்த்துவிடுவார். சிறிய ரசீதுகளை ஏ4 தாளில் ஒட்டி வரிசை எண் போட்டு, அதே எண்ணை எக்செல் வரியிலும் போட வேண்டும். ஒட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்துவிடுங்கள். மெஷினில் வரும் ரசீது சூட்டில் எழுத்து விழும் தாள். பசை பட்டாலும், வேலூர் வெயிலில் வண்டிக்குள் கிடந்தாலும் எழுத்து மங்கி வெறும் வெள்ளைத் தாள் ஆகிவிடும்.